செம்பிக்கு ஒரு வீடு: தத்து அறிவிப்பைத் திருத்தி எழுதுவது

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்க்கோ, பழைய வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போன பூனைக்கோ புது வீடு தேடி எழுதப்படும் சிறு குறிப்புதான் தத்து அறிவிப்பு. ஒரு படம், பத்துப் பதினைந்து வரி, ஒரு தொலைபேசி எண், அவ்வளவே. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், கால்நடை மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்படும். பெரும்பாலும் அந்தப் பிராணியைத் தற்காலிகமாகத் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் ஃபாஸ்டர்தான் அதை எழுதுகிறார்.

இந்தச் சிறு குறிப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. பொருத்தமான குடும்பத்தை அது தொலைபேசியில் அழைக்க வைக்க வேண்டும். பொருத்தமில்லாத குடும்பம் படித்தவுடனே தானாக விலகிக்கொள்ளவும் அதுவே உதவ வேண்டும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். அழைப்புகள் நிறைய வருகின்றன, நாயும் போய்விடுகிறது. பத்து நாளில், “நீங்க சொன்ன மாதிரி இல்லீங்க” என்று திரும்பியும் வந்துவிடுகிறது. இப்படித் திரும்பி வரும் நாய் இரண்டு வாரத்தில் மூன்றாவது முறையாக மனிதர்களையும் படுக்கையையும் வாசனைகளையும் மாற்றிக்கொள்கிறது. அதன் பயம் கூடிவிடுகிறது. அடுத்த அறிவிப்பில், ஒரு முறை திருப்பித் தரப்பட்டது என்ற வரியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் ஓர் அறிவிப்பை மாதிரியாக வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். செம்பி என்ற நாட்டு நாய்க்காக எழுதப்பட்டதாக அதைக் கொள்ளலாம்:

“அவசரம்! அவசரம்! இன்றைக்குள் வீடு கிடைக்காவிட்டால் இந்தத் தேவதை மறுபடியும் தெருவுக்குத்தான்! ஒரு வயதுப் பெண். மிக மிக அன்பானவள். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வாள். குழந்தைகளுக்கு ஏற்றவள். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. முழு ஆரோக்கியம். உண்மையான பிராணி நேசர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும். வாடகை வீட்டுக்காரர்கள், பேச்சிலர்கள், கட்டிப்போட்டு வளர்ப்பவர்கள், பொழுதுபோகாமல் ஃபோன் செய்பவர்கள் வேண்டவே வேண்டாம்.”

எழுதியவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் இதைப் படித்தவருக்குச் செம்பியைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை. பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் இதே வரிகள் ஊரிலுள்ள எந்த நாய்க்கும் பொருந்தும். பொய்யான கெடு வேறு சேர்ந்துகொள்கிறது. ‘இன்றைக்குள்’ என்று படித்தவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல், வீட்டு உரிமையாளரைக் கேட்காமல், இரக்கத்தில் ஓடி வருவார். திரும்பி வரும் நாய்களில் பல இப்படி அவசரப்பட்டு எடுத்துச் செல்லப்பட்டவை. உண்மையாகவே ஒரு தேதிக்குள் இடம் மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் தேதியையும் காரணத்தையும் எழுதிவிடலாம். இல்லாத கெடுவைச் சேர்ப்பது நாய்க்குத்தான் கேடு.

திருத்தத்தைத் தொடங்க வேண்டிய இடம் எழுதுகோல் அல்ல, ஃபாஸ்டர் கண்ணால் பார்த்தவற்றின் பட்டியல். செம்பி அவர் வீட்டில் ஒன்பது வாரங்கள் இருந்திருக்கிறாள். அது முக்கியமான தகவல். புது இடத்துக்கு வந்த நாய் முதல் சில நாள்கள் ஒடுங்கிப்போய், குரைக்காமல், சொன்னபடி கேட்டுக்கொண்டு இருக்கும். அதைப் பார்த்து ‘பரம சாது’ என்று எழுதிவிடுவது வழக்கம். நாயின் இயல்பு வெளியே வரச் சில வாரங்கள் ஆகும். காப்பகங்களில் இதை மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்காகச் சொல்வார்கள். முதலில் மிரட்சி தணியும், பிறகு வீட்டு ஒழுங்கு பழகும், கடைசியில்தான் தன் வீடு என்ற நிம்மதி வரும். ஆகவே எத்தனை நாள் பார்த்து எழுதுகிறோம் என்பதை அறிவிப்பிலேயே சொல்வது நேர்மையின் முதல் படி. இரண்டு நாள் மட்டுமே பார்த்திருந்தால், ‘இரண்டு நாளாகத்தான் எங்களிடம் இருக்கிறாள்’ என்றே எழுதலாம்.

குணத்தைப் பற்றி எழுதும்போது ‘அன்பானவள்’ போன்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு, அவை எந்தக் காட்சியிலிருந்து வந்தன என்று ஃபாஸ்டர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். செம்பி ‘எல்லோரிடமும்’ ஒட்டிக்கொள்கிறாளா? வீட்டுப் பெண்களிடம் ஒட்டிக்கொள்கிறாள். பழகாத ஆண்கள் வந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். குனிந்து கைநீட்டித் தொடப் போனால் உறுமுகிறாள். ஹெல்மெட்டோடு யாராவது உள்ளே வந்தால் குரைக்கிறாள். இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஃபாஸ்டரின் மாமா தினமும் மாலையில் வந்து, அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டுகளைச் சற்று தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் அவள் தானாக வந்து அவர் கையை முகர்ந்தாள். இப்போது அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாலாட்டுகிறாள்.

‘ஆண்களைக் கண்டால் பயம்’ என்று ஒரே வரியில் எழுதினால் படிப்பவர் பயந்து விலகிவிடுவார். ‘எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வாள்’ என்று எழுதினால் அது பொய். எதைக் கண்டு பயம், பயந்தால் என்ன செய்கிறாள், என்ன செய்தால் பயம் தெளிகிறது, அதற்கு எத்தனை நாளாகும் என்ற நான்கையும் சேர்த்து எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், படிப்பவருக்கு வழியும் காட்டும். ஐந்து நாள் பொறுமை தன்னிடம் உண்டா என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ள முடியும். தன் வீட்டில் தினமும் பழகாத ஆட்கள் வந்துபோகும் தொழில் நடக்கிறதென்றால், இந்த நாய் தனக்குச் சரிப்படாது என்று அவரே முடிவு செய்துகொள்ளவும் முடியும்.

பார்த்தது, பார்க்காதது என்ற பிரிவையும் கலக்காமல் வைத்திருக்க வேண்டும். ‘குழந்தைகளுக்கு ஏற்றவள்’ என்ற வரி எதை வைத்து எழுதப்பட்டது? மாடி வீட்டில் 11, 13 வயதுப் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களோடு செம்பி நன்றாக விளையாடுகிறாள். அதைவிடச் சின்னக் குழந்தைகளை அவள் பக்கத்தில் பார்த்ததே இல்லை. ஓடுகிறவர்களைத் துரத்தித் தாவும் பழக்கமும் இருக்கிறது. 14 கிலோ நாய் தாவினால் மூன்று வயதுக் குழந்தை கீழே விழும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எழுத வேண்டிய வரி இதுதான்: ‘பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பழகியிருக்கிறாள். சின்னக் குழந்தைகளோடு எப்படி இருப்பாள் என்று எங்களுக்குத் தெரியாது.’ தெரியாது என்று எழுதுவதால் அறிவிப்பு பலவீனமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகள்மீது நம்பிக்கை வருகிறது.

மறைக்கத் தோன்றும் விஷயங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: தனியாக விட்டால் என்ன செய்கிறது, சாப்பாட்டைக் காவல் காக்கிறதா, கடித்திருக்கிறதா. முதலாவதைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய கைபேசி போதும். அதை வீடியோ எடுக்கும்படி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போக வேண்டும். ஆளைப் பிரிந்த தவிப்பு பெரும்பாலும் கதவு சாத்திய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். கதவைப் பிராண்டும், ஊளையிடும், எச்சில் ஒழுக இங்குமங்கும் நடக்கும். பொழுதுபோகாத நாய் அப்படியல்ல. முதலில் தூங்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து தலையணையைக் கிழிக்கும். செம்பி பத்து நிமிடம் கதவருகே முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். மூன்று மணி நேரம்வரை அப்படி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மணி நேர அலுவலக வீட்டுக்கு அவள் பொருந்துவாளா என்று யாருக்கும் தெரியாது. அறிவிப்பிலும் அந்த மூன்று மணி நேரத்தோடு நின்றுகொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில், கிண்ணத்துச் சோற்றைச் சாப்பிடும்போது பக்கத்தில் போனால் செம்பி கண்டுகொள்வதில்லை. எலும்பு கிடைத்தால் மட்டும் மாறிவிடுகிறாள். யாராவது நெருங்கினால் மெல்லுவதை நிறுத்தி, உடம்பு விறைத்து, தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்கிறாள். கண்ணின் வெள்ளை தெரிகிறது. உறுமலுக்கு முந்தைய எச்சரிக்கை அது. தெருவில் எலும்புக்காகப் போட்டி போட்டு வளர்ந்த நாய்க்கு இது இயல்புதான். ஃபாஸ்டர் எலும்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டார், பிரச்சினையும் நின்றுவிட்டது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். சொல்லாமல் விட்டால் புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை அன்பாக எலும்பு போட்டு, எடுக்கப் போகும் கை கடிபடும்.

கடித்த வரலாறு இருந்தால் அதை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும். யாரை, எந்தச் சூழலில், எத்தனை முறை, தோல் கிழிந்ததா, அதன் பிறகு என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விவரங்களோடு சொல்ல வேண்டும். காயத்துக்குக் கட்டுப்போடும்போது மருத்துவரின் கையைக் கவ்விய நாயும், நடந்துபோனவரை ஓடிவந்து கடித்த நாயும் ஒன்றல்ல. விவரம் இருந்தால்தான் அந்த வித்தியாசம் படிப்பவருக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் ஆள் வராது என்ற பயத்துக்கு நல்ல பதில் 2021இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து கிடைத்தது. பிரான்சர் என்ற சிவாவா நாய்க்கு ஃபாஸ்டராக இருந்த பெண், ஆண்களையும் குழந்தைகளையும் பிற விலங்குகளையும் அதற்குப் பிடிக்காது என்று ஒளிவுமறைவில்லாமல் ஃபேஸ்புக்கில் எழுதினார். எப்படிப்பட்ட வீட்டில் அது நிம்மதியாக இருக்கும் என்பதையும் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். கனெக்டிகட்டைச் சேர்ந்த ஒரு பெண் அதைத் தத்தெடுத்தார். அந்தப் பதிவின் குறும்பான நடையைத்தான் பலர் பின்பற்றப் பார்க்கிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது அதிலிருந்த துல்லியத்தை. இன்ன மாதிரி ஆள் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னதால்தான் அந்த ஆளின் காதில் அது விழுந்தது.

துல்லியம் குறைகளுக்கு மட்டும் உரியதல்ல. அறிவிப்பின் கவர்ச்சியும் அதிலிருந்தே வருகிறது. செம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு வாசலில் கிடக்கும் செருப்புகளில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துவந்து தன் பாயில் வைத்து, அவற்றின்மேல் மோவாயைச் சாய்த்துக்கொண்டு தூங்குவாள். ஒன்றைக்கூடக் கடித்ததில்லை. ‘தேவதை’, ‘செல்லக்குட்டி’ என்று பத்துச் சொல் எழுதினாலும் இந்த ஒரு காட்சி செய்யும் வேலையை அவை செய்யா.

அடுத்தது உடல்நலம். ‘தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, முழு ஆரோக்கியம்’ என்ற இரண்டு துண்டு வாக்கியங்களால் வரும் சண்டைகள் கொஞ்சமல்ல. முடிந்தது, நடந்துகொண்டிருப்பது, இனிமேல் செய்ய வேண்டியது என்று தேதியோடு பிரித்து எழுதினால் சண்டைக்கு இடமில்லை. செம்பியின் மருத்துவச் சீட்டுகள் சொல்லும் கதை இது. ஜூன் 5ஆம் தேதி தாம்பரம் அருகே சாலையோரத்தில், உடம்பெல்லாம் உண்ணியோடு, ஈறு வெளுத்து, காய்ச்சலில் கிடந்தாள். ரத்தப் பரிசோதனையில் எர்லிகியா கிருமியால் வரும் உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 42,000 மட்டுமே இருந்தன. நாய்களுக்கு அவை சாதாரணமாக இரண்டு லட்சம் அளவிலாவது இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கப்பட்டது. ஜூலை 12இல் மறுபடி பார்த்தபோது தட்டணுக்கள் 2,30,000 ஆகியிருந்தன. ஜூலை 14இல் ரேபிஸ் ஊசியும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையும் போடப்பட்டன. தட்டணு குறைவாக இருக்கும்போது அறுவை செய்தால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்பதால் கருத்தடை ஜூலை 28வரை தள்ளிவைக்கப்பட்டது. தையல் பிரித்தாகிவிட்டது. கூட்டுத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை ஆகஸ்ட் 11இல் போட வேண்டும்.

பழைய அறிவிப்பு இதையெல்லாம் ‘முழு ஆரோக்கியம்’ என்று சுருக்கிவிட்டது. அதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை, முன்வரலாறு தெரியாத வளர்ந்த நாய்க்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போடுவது வழக்கம். ‘எல்லாம் போட்டாச்சு’ என்று நம்பியவர் இரண்டாவதைப் போடாமலே விட்டிருப்பார். இன்னொன்று, உண்ணிக்காய்ச்சல் குணமானது போலிருந்து மறுபடி தலைகாட்டக்கூடியது. சோர்வு, பசியின்மை, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். இது தெரிந்த குடும்பம் முதல் நாளே மருத்துவரிடம் ஓடும். தெரியாத குடும்பம் வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறது என்று ஒரு வாரம் காத்திருக்கும்.

தத்தெடுத்தவர்கள் புது மருத்துவரிடம் போகும்போது இன்னொரு குழப்பமும் நேரலாம். உண்ணிக்காய்ச்சலுக்கான சில உடனடிச் சோதனைகள் கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடிக்கின்றன. குணமாகிப் பல மாதம் ஆனபின்னும் அவை ‘பாசிட்டிவ்’ என்று காட்டலாம். நோயை மறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அப்போது எழும். பழைய சீட்டுகள் கையில் இருந்தால் மருத்துவரே விளக்கிவிடுவார். ஆகவே சிகிச்சைத் தாள்கள் முழுவதையும் தருவோம் என்ற வாக்குறுதி அறிவிப்பில் இடம்பெற வேண்டிய ஒன்று.

வயதைப் பற்றியும் ஒரு சொல். ஏழு மாதத்துக்குள் நாய்க்கு நிலையான பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தையும் காரையையும் பார்த்துச் சொல்லும் வயது மதிப்பீடுதான். ‘ஒன்று முதல் ஒன்றரை வயது இருக்கலாம்’ என்பதே சரி. வளர்ந்த நாய் என்பதைக் குறையாக எண்ணிக் குட்டிபோலக் காட்டவும் தேவையில்லை. அளவும் குணமும் தெரிந்த நாய் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘இதற்குமேல் வளரமாட்டாள்’ என்பது அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு நல்ல செய்தி.

குட்டிகளுக்கான அறிவிப்பில் நிலைமை வேறு. அங்கே குணத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. தாயின் அளவு தெரிந்தால் அதைச் சொல்லலாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தடுப்பூசி மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்ப ஊசிகளின் வேலையைத் தடுத்துவிடலாம் என்பதே காரணம். தெருவிலிருந்து எடுத்த குட்டியை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகு கொடுப்பது நல்லது. பார்வோ உள்ளே புகுந்து வெளியே தெரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

நிபந்தனைகளின் பகுதிதான் பெரும்பாலான அறிவிப்புகளில் கசப்பேறிக் கிடக்கிறது. ஏற்கெனவே ஏமாற்றப்பட்ட ஃபாஸ்டரின் கோபம் அடுத்து வரும் நல்லவர்மேல் விழுகிறது. ‘பேச்சிலர்கள் வேண்டாம், வாடகை வீட்டுக்காரர்கள் வேண்டாம்’ என்று ஆள்வகைகளை ஒதுக்குவதால் பொருத்தமானவர்களும் போய்விடுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தனியாள் ஒருவர், காலையில் பூட்டிப் மாலையில் திறக்கும் சொந்த வீட்டைவிடச் செம்பிக்கு நல்ல துணையாக இருக்கலாம். உண்மையில் ஃபாஸ்டருக்கு வேண்டியது என்ன? வீட்டு உரிமையாளர் பின்னால் தகராறு செய்யக் கூடாது. அதைத்தான் கேட்க வேண்டும்: உரிமையாளரின் சம்மதம் எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணியைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் வீட்டை வாடகைக்கு விடுபவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் தனி விஷயம். அதனால் இந்தச் சம்மதம் தேவை.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் காரணம் இருந்தால் அது கட்டளையாக ஒலிக்காது. ‘முதல் மூன்று மாதம் ஹார்னெஸும் கயிறும் இல்லாமல் வெளியே விடக் கூடாது’ என்று மட்டும் எழுதினால் அதிகாரம் போலிருக்கும். ‘பயந்தால் ஓடுவாள். புது வீட்டுக்கு வழி தெரியாது. கழுத்துப் பட்டையை அவள் தலை வழியே உருவிக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம்’ என்று சேர்த்தால் படிப்பவர் தலையாட்டுவார். பயந்த சுபாவமுள்ள நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் புது வீட்டின் முதல் சில நாள்களில்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் அதேபோல ஆபத்தானது. அந்தச் சமயத்தில் ஒப்படைப்பதையே ஃபாஸ்டர் தள்ளிப்போடலாம்.

கட்டாயமானவை மூன்று நான்கோடு நிற்பது நல்லது. பதினைந்து நிபந்தனைகள் இருந்தால் எது உயிர்நாடி, எது விருப்பம் என்று தெரியாமல் எல்லாமே பலவீனப்படும். செம்பிக்குக் கட்டாயம் என்று நிற்பவை: வீட்டுக்குள் இடம், உரிமையாளர் சம்மதம், ஹார்னெஸ், முடியாமல் போனால் திருப்பித் தருவது. கடைசி நிபந்தனையை அச்சுறுத்தலாக எழுதாமல் உறுதிமொழியாக எழுதலாம்: ‘எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எங்களிடமே தாருங்கள். எத்தனை வருடம் ஆனாலும் காரணம் கேட்டுத் திட்டமாட்டோம்.’ பிராணியைப் பட்டினி கிடக்கும் நிலையில் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நாயைத் திரும்ப வரவைப்பது சட்டத்தின் பெயரைச் சொல்லி மிரட்டுவது அல்ல. திட்டு விழாது என்ற நம்பிக்கைதான் வெட்கப்பட்டு எங்கோ விட்டுவிட்டு வருவதைத் தடுக்கும். காப்பாற்ற முடியாத வாக்குறுதியாக இருந்தால் மட்டும் இதை எழுதக் கூடாது.

‘பொழுதுபோகாதவர்கள் அழைக்க வேண்டாம்’ என்ற வரிக்குப் பதிலாக, அழைக்கும்போது சொல்ல வேண்டியவற்றைக் கேட்டுவிடலாம்: வீட்டில் யார் யார், நாய் தனியாக இருக்கும் நேரம் எவ்வளவு, இரவில் எங்கே படுக்கும், முன்பு வளர்த்த பிராணி என்ன ஆனது. இதை எழுதி அனுப்ப ஐந்து நிமிடம் செலவிடுபவர் பொழுதுபோகாமல் வந்தவர் அல்ல.

இவ்வளவையும் வைத்துத் திருத்திய அறிவிப்பு இப்படி அமையும்:

“செம்பி. நாட்டு நாய், பெண். ஒன்று முதல் ஒன்றரை வயது இருக்கலாம். 14 கிலோ, இதற்குமேல் வளரமாட்டாள். தாம்பரம்.

இரவில் எல்லோர் செருப்பிலும் ஒவ்வொன்று எடுத்துவந்து, அவற்றின்மேல் தலைவைத்துத் தூங்குவாள். கடிக்கமாட்டாள். ஒன்பது வாரமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். மூன்று வேளை வெளியே கூட்டிப்போனால் வீட்டை அசுத்தம் செய்வதில்லை. எங்கள் கிழட்டு நாயோடு ராசி. பூனையைக் கண்டால் துரத்துவாள். மூன்று மணி நேரம்வரை தனியாக இருந்து பழகியிருக்கிறாள்.

பழகாத ஆண்களிடம் பயம். ஒதுங்குவாள், தொடப்போனால் உறுமுவாள். இதுவரை யாரையும் கடித்ததில்லை. அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து தின்பண்டம் கொடுத்த எங்கள் மாமாவோடு ஐந்து நாளில் சேர்ந்துகொண்டாள். எலும்பு கொடுத்தால் காவல் காப்பாள், அதனால் நாங்கள் கொடுப்பதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு விளையாடுவாள். சின்னக் குழந்தைகளோடு எப்படி என்று தெரியாது.

ஜூனில் உண்ணிக்காய்ச்சல் வந்து 28 நாள் மாத்திரையில் தேறினாள். ஜூலை 12 ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. ரேபிஸ் ஊசி, கருத்தடை முடிந்தன. கூட்டுத் தடுப்பூசி இரண்டாம் தவணையை ஆகஸ்ட் 11இல் நாங்களே போட்டுத் தருகிறோம். மாதாமாதம் உண்ணி மருந்து தேவை. அக்டோபரில் ஒரு முறை ரத்தம் பார்ப்பது நல்லது. எல்லாச் சீட்டுகளும் தருவோம்.

வீட்டுக்குள் அவளுக்கு இடம் வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பயந்தால் ஓடுவாள் என்பதால் முதல் மூன்று மாதம் ஹார்னெஸ் இல்லாமல் வெளியே விடக் கூடாது. முடியாமல் போனால் எப்போது வேண்டுமானாலும் எங்களிடமே தரலாம். ஒரு முறை உங்கள் வீட்டைப் பார்க்க வருவோம், நீங்களும் இரண்டு முறையாவது வந்து அவளோடு உட்கார்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் யார் யார், அவள் எவ்வளவு நேரம் தனியாக இருப்பாள், எங்கே தூங்குவாள் என்று எழுதி அனுப்புங்கள்.”

முதலில் அளவும் ஊரும் வருவதைக் கவனிக்கலாம். தொலைவில் இருப்பவரும் பெரிய நாய் தேடுபவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அடுத்து செருப்புக் காட்சி. அதன்பின் குறைகள் நடுவில் வருகின்றன, கடைசியில் பொடி எழுத்தில் ஒளியவில்லை. பழைய அறிவிப்பைப்போல இது நான்கு மடங்குக்கும் மேல் நீளம். உண்மையாக நாய் தேடுகிறவர் முழுவதும் படிப்பார். படத்தோடு பகிர முதல் நான்கு வரிகளை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுருக்கத்திலும் ‘பழகாத ஆண்களிடம் பயம், பழகிக்கொள்வாள்’ என்ற வரி விடுபடக் கூடாது.

படம் வார்த்தைகளோடு முரண்படக் கூடாது. மீட்ட அன்று எடுத்த உண்ணி மொய்த்த படம் இரக்கத்தைத் தூண்டும், ஆனால் இன்றைய செம்பி அவளல்ல. லாப்ரடார் கலப்பு இளம் நாய்களின் படங்களை வைத்து 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளியிடத்தில் நின்றபடி கேமராவை நேராகப் பார்க்கும், மங்கலில்லாத படங்களுள்ள நாய்கள் விரைவாக வீடு சேர்ந்தது தெரிந்தது. நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து, காலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமும், அளவு தெரிய ஒருவர் பக்கத்தில் நிற்கும் இன்னொரு படமும் போதும். செம்பியைக் குழந்தை கட்டிப்பிடித்திருக்கும் படத்தைப் போட்டால், சின்னக் குழந்தைகளைப் பற்றி எழுதிய வரி வீணாகிவிடும்.

அறிவிப்பு வேலை செய்கிறதா என்பது வரும் கேள்விகளில் தெரியும். ‘விலை என்ன’, ‘ஆண் குட்டி இருக்கா’ என்று மட்டும் வந்தால் மேல் வரிகள் தெளிவாக இல்லை. ‘ஹார்னெஸ் என்ன அளவு வாங்கணும்’, ‘எங்க அப்பா கொஞ்சம் சத்தமாப் பேசுவார், பரவாயில்லையா’ என்று வந்தால் சரியான ஆள் படித்திருக்கிறார். மூன்று வாரமாகியும் யாரும் அழைக்கவில்லையென்றால் முதலில் மாற்ற வேண்டியவை படமும் முதல் பத்தியும். பயத்தையும் உண்ணிக்காய்ச்சலையும் பற்றிய வரிகளை எடுத்துவிடும் ஆசை அப்போதுதான் வலுவாக வரும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நாய் மாறினால் அறிவிப்பும் மாற வேண்டும். இரண்டாம் தவணை போட்ட அன்று அந்த வரியைத் திருத்த வேண்டும். செம்பி பால்காரரிடம் பழகிவிட்டால் அதையும் சேர்க்கலாம். ஒப்படைக்கும் நாளில் இதே அறிவிப்பை அச்செடுத்து, மருத்துவச் சீட்டுகளோடும் மருத்துவரின் எண்ணோடும் சாப்பாட்டு நேரங்களோடும் கையில் கொடுத்துவிட்டு, குழுக்களில் ‘வீடு கிடைத்துவிட்டது’ என்று தேதியோடு குறித்துவிடலாம்.